ஓரத்தில் இழுபடும் உலகம்: அல்ட்ராவைட் திரையில் கேமின் பார்வைக் கோணம்

34 அங்குல அல்ட்ராவைட் மானிட்டரை வாங்கி, அதில் முதல் தடவையாகத் துப்பாக்கி கேம் ஒன்றை ஓட்டிப் பார்ப்பவர்களின் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். நடுவில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, இரண்டு ஓரங்களிலும் தூண் தடித்துத் தெரிகிறது, ஆட்கள் பருத்துத் தெரிகிறார்கள், திரும்பும்போது உலகமே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. சிலர் மானிட்டரைக் குற்றம் சொல்கிறார்கள், சிலர் கேமை, சிலர் கிராபிக்ஸ் கார்டை. உண்மையில் இங்கே மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒரே பெயரில் புழங்குகின்றன. அவற்றைப் பிரிக்காமல் செட்டிங்ஸில் கைவைத்தால் ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று பெரிதாகும்.

பிரிக்கும் வழி எளிது. கேமுக்குள் உருண்டையான பொருள் ஒன்றைத் தேடுங்கள். பீப்பாயின் மூடி, வண்டிச் சக்கரம், எதுவானாலும் சரி. அதற்கு நேர் எதிரே நின்று திரையின் நட்டநடுவில் வைத்துப் பாருங்கள். நடுவிலேயே அது முட்டை வடிவில் தெரிந்தால், 16:9 படத்தை அப்படியே அகலத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறது என்று பொருள். மானிட்டருக்கு உரிய 3440×1440 ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுப்பதும், டிரைவரின் ஸ்கேலிங் அமைப்பை விகிதம் காக்கும்படி மாற்றுவதும் போதும். இது உண்மையான கோளாறு, உடனே தீரும். நடுவில் வட்டமாகவே இருந்து, நீங்கள் திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போகப் போக நீண்டால், அது பார்வைக் கோணத்தின் விளைவு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது. மூன்றாவதாக, கட்டடத்தின் நேர்விளிம்பு ஓரத்தில் வில்லாக வளைந்தால், கேம் தானாக ஒரு லென்ஸ் விளைவைச் சேர்த்திருக்கிறது. கிராபிக்ஸ் பகுதியில் `Lens Distortion` என்று ஏதாவது இருந்தால் அதை அணைத்துப் பார்க்கலாம். மீன்கண் லென்ஸ் நேர்கோட்டை வளைக்கும். சாதாரண முப்பரிமாண கேம் நேர்கோட்டை ஒருபோதும் வளைக்காது. நேர்கோட்டை நேராகவே காப்பாற்றுவதற்குக் கொடுக்கும் விலைதான் ஓரத்து இழுபறி.

கல்யாண மண்டபத்தில் குரூப் போட்டோ எடுத்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. இடம் போதாமல் வைட் லென்ஸ் போட்டு எடுத்த படத்தில் நடுவில் நிற்கும் மணமக்கள் அளவாக இருப்பார்கள், கடைசியில் நிற்கும் சித்தப்பா மட்டும் இரண்டு மடங்கு பருமனாக வருவார். அங்கே நடந்த கணக்கேதான் இங்கும்.

கேமின் கேமரா எல்லாப் பொருளையும் ஒரு தட்டையான கண்ணாடியில் வரைவதாகக் கொள்ளுங்கள். நேர் எதிரிலிருந்து எத்தனை பாகை விலகி ஒரு பொருள் இருக்கிறதோ, அந்தக் கோணத்தின் tan மதிப்புக்குத் தக்க தூரத்தில் அது கண்ணாடியில் விழும். சிறிய கோணங்களில் tan சீராகவே ஏறும், பிறகு வேகமெடுக்கும். 45 பாகையில் நிற்கும் ஒரு பொருள், நடுவில் நின்றால் தெரியும் அகலத்தைப் போல 2 மடங்கு அகலமாகத் தெரியும், உயரமோ 1.4 மடங்குதான் கூடும். இரண்டும் ஒரே அளவில் கூடாததால் வட்டம் முட்டையாகிறது. 53 பாகையில் அகலம் 2.8 மடங்கு. 63 பாகையில் 5 மடங்கு.

இனி ஒரு குறிப்பிட்ட கேஸை எடுத்துக்கொள்வோம். 16:9 விகிதமுள்ள 27 அங்குல மானிட்டரில், கிடைமட்டமாக 90 பாகை பார்வைக் கோணத்தில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். அப்போது மேலும் கீழுமாகத் தெரியும் கோணம் சுமார் 58.7 பாகை. இப்போது 34 அங்குல 3440×1440 மானிட்டருக்கு மாறுகிறார். கணக்கு இதுதான்:

```
tan(H/2) = tan(V/2) × (அகலம் / உயரம்)
tan(H/2) = 0.5625 × (3440 / 1440) = 1.344
H = 106.7°
```

கிடைமட்டக் கோணம் 90-லிருந்து 106.7 ஆகிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 27 அங்குல 16:9 திரையும் 34 அங்குல அல்ட்ராவைட் திரையும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 33 செ.மீ. சொச்சம். ஆகவே புதிய திரையின் நடுப்பகுதி பழைய திரையில் தெரிந்ததையே கிட்டத்தட்ட அதே அளவில் காட்டுகிறது. எதுவும் அங்கே புதிதாக இழுபடவில்லை. பழைய திரையின் விளிம்புக்கு அப்பால், இரண்டு பக்கமும் புதிதாக ஒட்டிய இறக்கைகளில்தான் tan வேகமெடுக்கும் பகுதி வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டு இறக்கைகளும் சேர்ந்து திரையின் அகலத்தில் கால் பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அவை காட்டுவதோ மொத்தக் காட்சிக் கோணத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இடம் அதிகம், விஷயம் குறைவு. இழுத்துப் பரப்பினாற்போலத் தெரிவதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை.

அப்படியானால் கேம் தவறாக வரைகிறதா? இல்லை. உங்கள் கண், அந்தப் படம் எந்த இடத்திலிருந்து பார்க்கப்பட வேண்டுமோ அந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். 34 அங்குலத் திரையின் அகலம் சுமார் 80 செ.மீ. அதில் 106.7 பாகைக் காட்சி இயல்பாகத் தெரிய வேண்டுமென்றால் கண் திரையிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். நாமோ 70 செ.மீ. தள்ளி உட்கார்கிறோம். அங்கிருந்து பார்த்தால் அந்தத் திரை நம் கண்ணில் அடைக்கும் கோணம் 59 பாகைதான். 107 பாகை உலகத்தை 59 பாகை ஜன்னலுக்குள் திணித்திருக்கிறோம். நம்பிக்கை இல்லாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம்: ஓரத்தில் நீண்டு தெரியும் பொருளை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு கண்ணை மூடி, திரையின் நடுவுக்கு நேராக ஒரு ஸ்கேல் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டுங்கள். நீண்டிருந்தது வட்டமாகிவிடும். கழுத்து வலிக்கும் என்பதால் இது தீர்வல்ல, நிரூபணம்.

நிற்கும் படத்தைவிட அசையும் படத்தில்தான் தொந்தரவு கூடுதல். மவுஸை ஒரே வேகத்தில் நகர்த்தித் திரும்பும்போது, நடுவில் ஒரு பொருள் நகரும் வேகத்தைப் போல 2.8 மடங்கு வேகத்தில் ஓரத்துப் பொருள் பறக்கும். நடுவுக்கு வர வர அதே பொருள் வேகம் குறைந்து, ஒல்லியாகி, தாண்டியதும் மறுபடி பருத்து ஓடும். மீன்கண் லென்ஸ் மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்வது இந்த வீங்கிச் சுருங்கும் ஓட்டத்தைத்தான். தலைசுற்றலும் குமட்டலும் சிலருக்கு இதனால் வரும்.

சரி, ஸ்லைடரைக் குறைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. `FOV` என்று எழுதியிருக்கும் அந்த எண் எந்தக் கோணத்தைச் சொல்கிறது என்பதில் கேம்களுக்குள் ஒற்றுமை கிடையாது. மைன்கிராஃப்டின் ஸ்லைடர் மேல்-கீழ் கோணத்தைச் சொல்கிறது. அதன் வழக்கமான 70 என்பது 16:9 திரையில் கிடைமட்டமாக 102 பாகை, அல்ட்ராவைடில் 118 பாகை. வால்வ் நிறுவனத்தின் கவுன்டர் ஸ்ட்ரைக் பழைய 4:3 திரையை அடிப்படையாகக் கொண்டு 90 என்கிறது. அந்த 90, 16:9 திரையில் 106 ஆகி, 3440×1440 திரையில் 122-ஐத் தொடுகிறது. வேறு பல கேம்கள் 16:9 திரைக்கான கிடைமட்ட எண்ணைக் காட்டிவிட்டு, உங்கள் திரை எவ்வளவு அகலமோ அதற்கேற்ப உள்ளுக்குள் தாமே கூட்டிக்கொள்கின்றன. இன்னும் சில, திரையில் இப்போது உண்மையாகத் தெரியும் கிடைமட்டக் கோணத்தையே சொல்கின்றன. ஒரே 90, நான்கு அர்த்தம்.

அகலம் கூடும்போது கேம் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் இதோடு பிணைந்தது. மேல்-கீழ் கோணத்தை மாற்றாமல் பக்கங்களை விரிப்பது ஒரு வகை. மேலே கணக்குப் போட்டது அதைத்தான். கிடைமட்டக் கோணத்தை மாற்றாமல் மேலும் கீழும் வெட்டிவிடுவது இன்னொரு வகை. அன்ரியல் எஞ்சினின் பழைய இயல்பமைப்பு இந்த இரண்டாம் வகை என்பதால், அதில் செய்த பல கேம்கள் அல்ட்ராவைடில் வெட்டுப்பட்டு வந்தன. அங்கே 90 அப்படியே 90-ஆக நின்றுவிட, மேல்-கீழ் கோணம் 58.7-லிருந்து 45.4 பாகைக்கு இறங்கிவிடும். அகலமான திரை வாங்கியும் பழைய திரையைவிடக் குறைவாகத் தெரிகிறது, எல்லாம் முகத்துக்கு அருகில் வந்துவிட்டது என்று சலித்துக்கொள்பவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். மூன்றாவது வகை கைகழுவிவிடுவது: 2022-இல் வந்த எல்டன் ரிங், 16:9 படத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டுவிட்டது.

என் கணிப்பில், அல்ட்ராவைடில் இழுபறி பற்றி வரும் புகார்களில் கணிசமானவை இரட்டைக் கணக்கால் வருபவை. ஒருவர் எங்கோ ஓர் அட்டவணையில் 16:9-இன் 90-க்கு அல்ட்ராவைடில் 107 சமம் என்று பார்க்கிறார். தன் கேமில் 107 வைக்கிறார். வெட்டும் வகைக் கேமாக இருந்தால் அவர் செய்தது முற்றிலும் சரி. ஆனால் அவருடைய கேம் 16:9 எண்ணைக் காட்டி உள்ளுக்குள் தானே கூட்டும் வகை. ஏற்கனவே 106.7 ஆகியிருந்ததை அவர் மறுபடி கூட்டியதால், திரையில் உண்மையான கோணம் 122 பாகையாகிறது. ஓரத்தில் அகலம் 2.8 மடங்காக இருந்தது 4.3 மடங்காகிவிடுகிறது. அவருக்கோ தாம் வைத்தது 107 என்றே நினைப்பு.

இந்த ஐயத்தைத் தீர்க்க மென்பொருள் எதுவும் வேண்டாம். முதலில், கேமை 2560×1440 சாளரத்தில் ஓடவிட்டு ஒரு சுவருக்கு எதிரே நின்று, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் எது தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 3440×1440-க்கு மாற்றுங்கள். மேலும் கீழும் மாறாமல் பக்கங்கள் விரிந்தால் விரிக்கும் வகை. மேலும் கீழும் தொலைந்தால் வெட்டும் வகை. அடுத்து, உண்மையான கோணத்தை அளக்கலாம். திறந்தவெளியில் நின்று, தொலைவில் உள்ள ஒரு மரம் வலது விளிம்பில் வரும்படி திரும்பி நில்லுங்கள். பிறகு அந்த மரம் இடது விளிம்பைத் தொடும்வரை வலப்பக்கம் திரும்புங்கள். இப்போது வலது விளிம்பில் புதிதாக எது வந்திருக்கிறதோ அதை அடையாளம் வைத்து மறுபடி அதே மாதிரி. நான்கு திருப்பத்தில் முதல் மரத்துக்குத் திரும்பி வந்தால் கோணம் சரியாக 90. மூன்றே திருப்பத்தில் வந்தால் 120-ஐ ஒட்டியது; ஸ்லைடர் என்ன சொன்னாலும் சரி. மூன்று முடிந்தும் மரம் வர இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தால் 107 பக்கம். முதல் நபர் பார்வையில் ஆடும் கேமில்தான் இந்த அளவை ஒழுங்காக வரும். முதுகுக்குப் பின்னால் கேமரா மிதக்கும் கேமில் கேமராவே இடம்மாறுவதால், அடையாளம் மிகத் தொலைவில் இருந்தால்தான் ஓரளவு தேறும்.

எண் தெரிந்த பிறகு எங்கே நிறுத்துவது? ஓரத்து இழுபறியை 16:9-இல் பழகிய 2 மடங்குக்கே கொண்டுவர வேண்டுமென்றால் மொத்தக் கோணத்தை 90 ஆக்க வேண்டும். அப்படிச் செய்தால் மேல்-கீழ் 45 பாகைதான் மிஞ்சும், வெட்டும் வகைக் கேமின் சங்கடமே வந்து சேரும். இடையில் 100 பாகை ஒரு நல்ல சமரசம். மேல்-கீழ் 53 பாகை கிடைக்கும், நடுவில் எல்லாம் எட்டில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஓரத்து அகலம் 2.4 மடங்கில் நிற்கும். 16:9 எண்ணைக் காட்டும் கேமில் இதற்கு ஸ்லைடரை 83-இல் வைக்க வேண்டும். உண்மைக் கோணத்தைக் காட்டும் கேமில் 100. மேல்-கீழ் எண்ணைக் காட்டும் கேமில் 53. எதிரி எங்கிருந்து வருவான் என்று தெரியாத வேகமான கேமில் 107-ஐ விட மனம் வராது, அது நியாயம்தான். நிதானமாகக் கதை சொல்லும் கேமில் 107-ஐப் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

கார்ப் பந்தய சிமுலேஷன் ஆடுபவர்கள் இதற்கு நேர்மாறான வழியில் போகிறார்கள். அவர்கள் திரையின் அகலத்தையும் கண்ணின் தூரத்தையும் அளந்து, நம் உதாரணத்தில் உள்ளது போல 59 பாகையையே வைத்துக்கொள்கிறார்கள். வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்பதைக் கண் சரியாகக் கணிக்க அது உதவுகிறது. இழுபறி அறவே போய்விடும். பக்கத்தில் வரும் கார் தெரியாது என்பதுதான் இழப்பு; அதற்காகத்தான் திரையைக் கண்ணுக்கு மிக நெருக்கமாக, ஸ்டியரிங்குக்கு நேர் பின்னால் நிறுத்துகிறார்கள். நடந்து சுடும் கேமில் 59 பாகை வைத்தால் குழாய் வழியே எட்டிப் பார்த்து நடப்பது போலிருக்கும்.

வெட்டும் வகைக் கேமில் ஸ்லைடரே இல்லாவிட்டால் அமைப்புக் கோப்பைத் தொட வேண்டும். அன்ரியல் எஞ்சின் கேம்களின் `Engine.ini` கோப்பு பெரும்பாலும் `%LOCALAPPDATA%` அடைவுக்குள் கேமின் பெயரில் உள்ள `Saved\Config` என்ற இடத்தில் இருக்கும். அதன் கடைசியில் இந்த இரண்டு வரிகளைச் சேர்த்தால் பல கேம்கள் பக்கங்களை விரிக்கத் தொடங்கும்:

```
[/Script/Engine.LocalPlayer]
AspectRatioAxisConstraint=AspectRatio_MaintainYFOV
```

எல்லாக் கேமும் இதை மதிக்காது. கேமராவைத் தன் நிரலிலேயே பூட்டி வைத்திருக்கும் கேமில் எதுவும் மாறாது. மாறினாலும், கதைக் காட்சிகளில் 16:9-க்கு வெளியே நிற்கவைத்த ஆட்கள் தங்கள் முறைக்காக அசையாமல் காத்திருப்பது ஓரத்தில் தெரிந்துவிடும். அது வேடிக்கைதான். ஆன்லைன் போட்டிக் கேமில் இந்த வேலை வேண்டாம், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கணக்கை முடக்கக்கூடும்.

கோணத்தைக் குறைக்காமலேயே இழுபறியைக் குறைக்க முடியாதா என்றால், முடியும். படத்தை வரையும் முறையையே மாற்ற வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த ஜொவான்னி பவோலோ பனீனி, பரந்த தேவாலய உட்புறங்களை ஓரம் பருக்காமல் வரைந்தவர். அவர் பெயரில் 2010-இல் ஒரு கணித முறை வெளியானது. செங்குத்துக் கோடுகளையும், நடுப்புள்ளி வழியே போகும் கோடுகளையும் அது நேராக வைத்துக்கொண்டு, மற்ற கிடைமட்டக் கோடுகளை மட்டும் மெல்ல வளைக்கிறது. தூணும் ஆளும் ஒல்லியாகவே நிற்பார்கள். தாழ்வாரத்தின் உத்தரமும், உங்களுக்கு நேர் எதிரே குறுக்கே ஓடும் சுவரின் மேல் விளிம்பும் கொஞ்சம் வில்லாகும். யூனிட்டியிலும் அன்ரியலிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அன்ரியலில் அளவைத் தீர்மானிப்பது ஒரே எண்: 0 என்றால் வழக்கமான படம், 1 என்றால் முழு வளைவு. கேம் ஏற்றுக்கொண்டால் அதே `Engine.ini` கோப்பில் இப்படி:

```
[SystemSettings]
r.Upscale.Panini.D=0.4
```

வேறு எஞ்சின் கேம்களுக்கு ரீஷேட் என்ற கருவியில் `PerfectPerspective.fx` என்ற ஷேடர் இதற்கு ஒத்த வேலையைச் செய்கிறது. ஆனால் இவை இரண்டும் ஏற்கனவே வரைந்து முடித்த படத்தைத்தான் மறுபடி வளைக்கின்றன. ஓரத்தைச் சுருக்கி நடுவைப் பெரிதாக்குவதால், நீங்கள் அதிகம் பார்க்கும் நடுப்பகுதிதான் கூர்மை இழக்கும். ரீஷேடில் இன்னொரு தொல்லை: அது தோட்டா எண்ணிக்கை, வரைபடம் எல்லாவற்றையும் சேர்த்து வளைத்துவிடலாம். 0.3, 0.4 என்று சிறிதாக வைத்துப் பார்த்து, குறுக்கே ஓடும் சுவர் கண்ணை உறுத்தத் தொடங்குவதற்கு முன்னால் நிறுத்துவது நல்லது.

வளைந்த மானிட்டர் இதைத் தீர்க்கும் என்று கடையில் சொல்வார்கள். 1800R என்று குறிக்கப்படும் வளைவில், 34 அங்குலத் திரையின் ஓரங்கள் நடுவைவிட 4 செ.மீ. சொச்சம்தான் முன்னே வருகின்றன. திரை வளைந்திருப்பது கேமுக்குத் தெரியாது. அது தட்டைத் திரைக்கான படத்தையே அனுப்புகிறது. ஓரத்தில் எழுத்து படிக்க வளைவு உதவும், இழுபறிக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

32:9 விகிதமுள்ள 49 அங்குலத் திரையில் பிரச்சினை வேறு தரத்துக்குப் போய்விடுகிறது. அதே 90, அங்கே 127 பாகையாகும். ஓரத்தில் 5 மடங்கு அகலம். திரையின் சரிபாதியை இறக்கைகளே பிடித்துக்கொண்டு, மொத்தக் கோணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். அங்கே கோணத்தைக் குறைப்பதோடு பனீனி முறையையும் சேர்த்தால்தான் கண்ணுக்கு ஒத்துவரும். அது இல்லாத கேமில், 3440×1440 படத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டு ஆடுபவர்கள் உண்டு.

கடைசியாக, ஸ்லைடரை மாற்றியும் கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் நீண்டோ குறுகியோ நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பல கேம்களில் கையும் துப்பாக்கியும் தனிக் கோணத்தில் வரையப்படுகின்றன. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் உலகத்தின் கோணத்தை மாற்ற முடியாது. `viewmodel_fov` கட்டளையால் 54-க்கும் 68-க்கும் இடையில் துப்பாக்கியின் கோணத்தை மட்டும் மாற்றலாம். மைன்கிராஃப்டில் ஓடும்போது ஓரம் திடீரென்று இழுபட்டால் அதற்கும் உங்கள் ஸ்லைடர் காரணமல்ல. வேகம் கூடியதைக் காட்ட கேமே கோணத்தை விரிக்கிறது. `FOV Effects` என்ற அமைப்பைக் குறைத்தால் அது அடங்கிவிடும்.